25 மி.மீ. பிளேட், 16 மி.மீ. முழு மரை: டிரில் எம்புட்டு ஆழம் இறங்கணும்?

புதூர் ஜாப் ஒர்க்ஸ்

மைல்டு ஸ்டீல் பிளேட், தடிமன் 25 மி.மீ. எம் 10, பிட்ச் 1.5, பீஸுக்கு ஒண்ணா மொத்தம் 12 ஓட்டை, எல்லாமே பிளைண்ட். டிராயிங்ல "முழு மரை 16 மி.மீ., வாய் சேம்பர் 1 × 45°"ன்னு இருக்கு. பின்பக்கம் கிரைண்டிங் பண்ணின முகம், அதுல பொத்துக்கிட்டு வரக்கூடாது, வீக்கமும் தெரியக்கூடாது.

8.5 டிரில், சாதா 118° முனை, பில்லர் டிரில்லிங் மெஷின். 16-க்கு மேல 4 சேர்த்து 20 மி.மீ. இறக்கி, டேப்பர் டேப், செகண்ட் டேப் ரெண்டும் ஓட்டியாச்சு. கோ கேஜ் ஏழு, ஏழரை சுற்றுல நின்னு போகுது. 16 மி.மீ.க்குப் பத்தரைக்கு மேல வரணும். நாலு பீஸ் இப்படி முடிஞ்சிருச்சு, எட்டு பீஸ் பாக்கி. சரியான ஆழம் எம்புட்டுன்னு சொல்லுங்க. முடிஞ்ச நாலையும் காப்பாத்த வழி இருக்கா?

---

கப்பலூர் லேத்

இதுக்குப் போய் இம்புட்டு யோசனையா? மரை நீளத்தோட அஞ்சு பிட்ச் கூட்டிக்கங்க. 16-ம் 7.5-ம் சேர்ந்தா 23.5. அந்த ஆழத்துக்கு டிரில் போட்டா எந்த டேப்பும் ஓடும். எல்லாக் கடையிலயும் இதுதான் கணக்கு.

---

டூல்ரூம் பழையவர்

கப்பலூர் தம்பி சொன்ன அஞ்சு பிட்ச் பழைய கணக்கு, நல்ல கணக்குதான். இடம் தாராளமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு போடலாம். ஆனா அந்த 23.5 எங்க வரைக்கும்? டிரில்லோட முழு விட்டம் முடியுற இடம் வரைக்கும். அதுக்குக் கீழே கூம்பு இருக்கு. 118° முனைக்குக் கூம்பு உயரம் விட்டத்துல 0.3 பங்கு, 8.5-க்கு 2.55 மி.மீ. ரெண்டையும் கூட்டினா 26.05. பிளேட்டோ 25. பின்பக்க முகத்துல டிரில் மூக்கு எட்டிப் பார்த்திரும்.

கூம்பு நுனி வரைக்கும் 23.5-ன்னு வச்சுக்கிட்டா ஓட்டை பொத்துக்காது. ஆனா முழு விட்டம் 20.95-லயே முடிஞ்சிரும். கேட்ட மரை கிடைக்குறது டேப்பைப் பொறுத்தது.

புதூர்க்காரர் 20 இறக்கினதுல என்ன ஆச்சுன்னு முதல்ல பார்ப்போம். 20-ங்கிறது நுனி. கூம்பு 2.55 கழிச்சா முழு விட்டம் 17.45 வரைக்கும்தான். செகண்ட் டேப்புல முன்னாடி நாலு பல் சரிவாத் தேய்ச்சு விட்டிருப்பான், அதாவது நாலு பிட்ச், 6 மி.மீ. அந்தப் பல்லு வெட்டுற மரை அரைகுறை மரை. டேப் முனை 17.45-ல முட்டி நின்னா முழு மரை 11.45-லயே முடிஞ்சிரும். அதை ஒன்றரையால வகுத்தா ஏழரைச் சுற்று சொச்சம். உங்க கேஜ் சொன்னதும் அதைத்தானே? கேஜ் பொய் சொல்லலை, டேப்பும் தப்புப் பண்ணலை.

---

புதூர் ஜாப் ஒர்க்ஸ்

கணக்கு அப்படியே ஒத்து வருதுண்ணே. அப்ப வாயிலிருந்து வரிசையா எப்படிக் கூட்டணும்?

---

டூல்ரூம் பழையவர்

மேல் முகத்துலருந்து கீழே இறங்கிக்கிட்டே போங்க.

முதல்ல வாய் சேம்பர். 45° சேம்பர்ல வாய் விட்டம் 10.5-ன்னா அது 8.5 ஓட்டையைத் தொடுற இடம் 1 மி.மீ. கீழே. அந்த 1 மி.மீ.ல மரை இருக்கும், ஆனா முழுசா இருக்காது. "முழு மரை 16"ன்னு டிராயிங் சொல்றதை நான் அந்த இடத்துலருந்துதான் எண்ணுவேன். ஆக முழு மரை முடியுறது 17-ல.

அடுத்தது டேப்போட லீடு. கடைசியா எந்த டேப் ஓட்டுறீங்களோ அதோட லீடு மட்டும்தான் கணக்கு. முன்னாடி ஓட்டின டேப்பர் டேப் எட்டு பல் சரிவா இருந்தாலும் கவலை இல்லை, அடுத்து வர்றது அதைத் தின்னுக்கிட்டுப் போயிரும். கடைசி டேப்புல ரெண்டு பல் சரிவுன்னா 3 மி.மீ. இதோட 20.

அதுக்குக் கீழே சீவல் விழ இடம், டேப் முனை தரையில மோதாம இருக்க இடம். கையில டேப் போட்டு, நடுவுல வெளியே எடுத்து ஊதுறீங்கன்னா 2 மி.மீ. போதும். 22. முழு விட்டம் இங்க வரைக்கும் இருக்கணும்.

கடைசியா கூம்பு. 118°-க்கு 2.55 சேர்த்தா நுனி 24.55, மிச்சம் அரை மி.மீ.கூட இல்லை, அது தாங்காது. 135° முனை டிரில் எடுத்தா கூம்பு விட்டத்துல 0.207 பங்குதான், 1.76 வரும். நுனி 23.76, மிச்சம் 1.24. அதுவும் கூம்பு நுனியில ஒரே புள்ளியில மட்டும் அம்புட்டு மெலிசு, ஓரத்துல 3 மி.மீ. கனம் இருக்கும்.

இதே பிளேட்டுல செகண்ட் டேப்போட நிறுத்துறதா இருந்தா 17-ம் 6-ம் 2-ம் சேர்ந்து 25. கூம்பைச் சேர்க்குறதுக்கு முன்னாடியே பிளேட் முடிஞ்சு போச்சு. அதனால இந்த வேலைக்குக் கடைசி டேப்பு கட்டாயம்.

---

விஎம்சி திருமங்கலம்

பழையவர் அண்ணன் கணக்கு சரி. விஎம்சில ஓட்டுறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. டூல் நீளம் நாம தொட்டு எடுக்குறது டிரில் நுனியில. அதனால `Z`ல போடுற எண் எப்பவும் நுனி ஆழம்தான். 22 வேணும்னு `Z-22.` அடிச்சுட்டு, டேப்புக்கு மட்டும் சரியான ஆழம் குடுத்தா டேப் முனைக்குக் கீழே கால் மி.மீ.கூட மிஞ்சாது, சீவல்ல போய் இறுகும். பெரும்பாலும் முதல் பீஸ்லயே டேப் உடையுறது இப்படித்தான்.

```
G98 G83 Z-23.76 R2. Q3. F120
M29 S300
G84 Z-20. R5. F450
```

டூல் மாத்துற வரிகளை விட்டுட்டேன். 135° டிரில் 900 சுற்றுல ஓடுது. டேப்புக்கு `Z-20.`, அதாவது முழு மரை 17, லீடு 3. டேப் நீளத்தையும் முனையில தொட்டு எடுத்திருக்கணும். `F450`ங்கிறது 300 சுற்றை 1.5-ஆல பெருக்கினது, அது மாறுனா மரையே நாசம்.

ரிஜிட் டேப்பிங் இல்லாத பழைய மெஷின்ல ஃப்ளோட்டிங் ஹோல்டர் போட்டு ஓட்டுவாங்க. அங்க `Z` நின்ன பிறகும் ஸ்பிண்டில் நிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒரு சுற்று கூடச் சுத்துனா டேப் 1.5 மி.மீ. கூட இறங்கிரும். சீவலுக்கு அடியில விட்ட 2 மி.மீ.ல முக்கால்வாசியை அதுவே சாப்பிட்டிரும்.

---

ஸ்பீடு டேப்பிங்

எதுக்குக் கை டேப்போட மல்லுக்கட்டுறீங்க? ஸ்பைரல் பாயிண்ட் டேப் வாங்கிப் போடுங்க. ஒரே டேப், ஒரே இறக்கு, சீவல் தானா முன்னாடி ஓடிரும். எங்க ஃபிளாஞ்ச் வேலை முழுக்க அதுதான்.

---

விஎம்சி திருமங்கலம்

நண்பா, உங்க ஃபிளாஞ்ச் ஓட்டை ஊடுருவிப் போற ஓட்டை. இவருது பிளைண்ட். அந்த டேப் சீவலை முன்னாடி தள்ளும், இங்க முன்னாடி தரை இருக்கு. கீழே அமுங்கிக் கெட்டிப்பட்டு டேப்பைத் தூக்கி உடைச்சிரும். லீடும் நாலஞ்சு பல்லு வரும். பிளைண்டுக்கு ஸ்பைரல் ஃப்ளூட், அது சுருளை மேல இழுத்துக்கிட்டு வரும். லீடு ரெண்டு பல்லுக்குள்ள இருக்குறதும் கிடைக்குது.

---

ஸ்பீடு டேப்பிங்

ஓ, பிளைண்டா. தலைப்பை மட்டும் பார்த்துட்டு எழுதிட்டேன்.

---

புதூர் ஜாப் ஒர்க்ஸ்

கடைக்குப் போய் பிளக் டேப் கேட்டேன். ஒருத்தர் குடுத்ததுல ரெண்டு பல்லு சரிவு. இன்னொரு கடையில இறக்குமதிச் சரக்கு, பெட்டியில பிளக்குன்னுதான் போட்டிருக்கு, ஆனா நாலு பல்லு சரிவா இருக்கு. எது நிஜ பிளக்?

---

டூல்ரூம் பழையவர்

ரெண்டும் நிஜம்தான் தம்பி. நம்ம ஊர்ல டேப்பர், செகண்ட், பிளக்குன்னு சொல்றப்ப பிளக் கடைசி டேப், தரை தொடுறது. அமெரிக்கப் பேச்சுல பிளக்குன்னா நடு டேப், மூணுலருந்து அஞ்சு பல்லு லீடு. நம்ம பிளக்குக்கு அவங்க வச்ச பேரு பாட்டமிங், அதுக்கு ஒண்ணு ரெண்டு பல்லுதான். பேரை நம்பி வாங்கினா 3 மி.மீ. கையை விட்டுப் போயிரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஜெர்மன் முறையில வர்ற மூணு டேப் செட்டுல காம்புல வளையம் வெட்டியிருக்கும். ஒரு வளையம் முதல் டேப், ரெண்டு வளையம் இரண்டாவது, வளையம் இல்லாதது கடைசி. அதுல முதல் ரெண்டும் விட்டத்துலயே சின்னது. மூணாவது ஓட்டினாத்தான் முழு மரை. செகண்டோட நிறுத்துனா ஆழம் சரியா இருந்தாலும் கோ கேஜ் வாயிலேயே நின்னுக்கும். அந்தக் கடைசி டேப்புலயும் லீடு ரெண்டுலருந்து மூணு பல்லு. மூணுன்னா 4.5, நம்ம கணக்குல ஒன்றரை ஏறிரும்.

அதனால எந்த டேப்பா இருந்தாலும் வாங்குறப்ப வெளிச்சத்துல பிடிச்சு, ஒரே ஃப்ளூட் ஓரமாப் பல் எண்ணுங்க. உச்சி தேய்ஞ்சு சரிவா இருக்குறதை விட்டுட்டு முதல் முழுப் பல் எங்க வருதுன்னு பாருங்க. முனையிலருந்து அது வரைக்கும் வெர்னியர்ல அளந்தா அதுதான் உங்க லீடு. பெட்டியில என்ன போட்டிருந்தாலும் சரி.

முனையில கூர்ச் சென்டர் இருக்கான்னும் பாருங்க. எம் 10-ம் அதுக்குக் கீழேயும் உள்ள டேப் நிறையதுல பென்சில் சீவின மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அது டிரில் கூம்புக்குள்ள இறங்குற அளவு குட்டையா இருந்தா இடத்தைத் தின்னாது. கூம்பைவிட நீளமா இருந்தா அதுதான் முதல்ல தரையில குத்தும். இங்க 135° டிரில்லுங்கிறதால கூம்பும் ஆழமில்லை. அப்படி இருந்தா கல்லுல கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சு, தண்ணியில தோச்சுத் தோச்சு மட்டம் பண்ணிருங்க. நீலம் பாயவிட்டா முன்பல் பதம் போயிரும்.

---

டிசைன் மேசை

வாய் சேம்பர் விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்லை சார். டிராயிங்ல மரை ஆழம் முகத்துலருந்துதான் அளவு போடுவோம். 16-ன்னா முகத்துலருந்து 16. சேம்பர் அதுக்குள்ள அடக்கம். நீங்க கூட்டின அந்த 1 மி.மீ. டிராயிங்ல இல்லாதது. அதை எடுத்துட்டா நுனி 22.76, மிச்சம் 2.24, பிரச்சனையே இல்லை.

இன்னொண்ணும் கேட்கணும். மைல்டு ஸ்டீல்ல எம் 10 போல்ட்டுக்கு 16 மி.மீ. முழு மரை எதுக்கு? ஸ்டீலுக்குப் போல்ட் விட்டம் அளவு பிடிப்பு இருந்தாலே பெரும்பாலும் போதும், வார்ப்பு இரும்புக்கு ஒன்றரை மடங்கு, அலுமினியத்துக்கு ரெண்டு மடங்குன்னு வைக்கிறோம். பார்ட்டிகிட்டப் பேசி 12-ஆக்குனா சேம்பரோட சேர்த்தே நுனி 19.76-ல முடிஞ்சிரும்.

---

டூல்ரூம் பழையவர்

மேடம் சொல்றது டிசைன் பக்கம் சரி. ஆனா வாங்குறவர் இன்ஸ்பெக்டர் "முழு"ங்கிற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, சேம்பரைக் கழிச்சுட்டுத்தான் எண்ணுவேன்னா ஜாப் ஒர்க்காரர் என்ன செய்வார்? 17 வச்சா ரெண்டு பேருக்கும் பாஸ். 16 வச்சா ஒருத்தருக்கு மட்டும்.

---

டிசைன் மேசை

அப்படி வச்சா பின்பக்கம் 1.24 தான் மிச்சம். அது அமுங்கி வீங்கினா அதே இன்ஸ்பெக்டர் அதுக்கும் தள்ளுவார். டிராயிங்ல மேல ஒரு கேள்வி எழுதி அனுப்பி, பதிலை எழுத்துல வாங்கிக்கங்க.

---

மேலூர் கிரானைட் மெஷின்

நடுவுல என் சந்தேகம் ஒண்ணு. பாலிஷிங் தலைக்கு வார்ப்பு இரும்பு மூடி, எம் 8, பிட்ச் 1.25, முழு மரை 14. லீடு ரெண்டு பல்லு, 2.5. அதுக்குக் கீழே 2 மி.மீ. விட்டுத்தான் டிரில் போடுறோம். இருந்தாலும் கடைசி ரெண்டு சுற்றுல டேப் இறுகுது. ஸ்பைரல் ஃப்ளூட் போட்டும் அதே கதை.

---

டூல்ரூம் பழையவர்

வார்ப்பு இரும்புல சுருள் வராது, மாவாத்தான் வரும். மாவை ஸ்பைரல் ஃப்ளூட் எப்படி மேல இழுக்கும்? அது அப்படியே தரையில உக்காந்துக்கும். கெட்டி எண்ணெய் ஊத்தியிருந்தா மாவும் எண்ணெயும் சேர்ந்து களி மாதிரி ஆயிரும். இறுகுறப்ப கையில எப்படித் தெரியுது? கல்லுல முட்டின மாதிரி டக்குன்னு நின்னா முனை தரையைத் தொட்டிருச்சு. ரப்பரை அமுக்குற மாதிரி இறுகிக்கிட்டே போய் விட்டா பின்னாடி தள்ளுச்சுன்னா மாவு.

---

மேலூர் கிரானைட் மெஷின்

ரப்பர் மாதிரிதான்.

---

டூல்ரூம் பழையவர்

அப்ப ஆழம் கணக்குல தப்பில்லை. உலர்வாவோ மண்ணெண்ணெய்லயோ ஓட்டுங்க, முழு மரைக்கு நாலு மி.மீ. இருக்கப்பவே டேப்பை முழுசா வெளியே எடுத்துக் காத்துல ஊதுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு ஊதுங்க, மாவு நேரா முகத்துக்குத்தான் வரும். இடம் இருந்தா அடியில மூணு பிட்ச் விடுங்க, 3.75.

---

கப்பலூர் லேத்

அடியில ரெண்டு மி.மீ.யா, மூணு பிட்ச்சான்னு மாத்தி மாத்திச் சொல்றீங்களே. மைல்டு ஸ்டீல் சுருளு நீளமா வரும், அதுக்கும் ரெண்டு பிட்ச்சாவது, 3 மி.மீ. விடணும்னு நான் நினைக்கிறேன்.

---

விஎம்சி திருமங்கலம்

3 விட்டா பின்பக்கம் 0.24 தான் மிச்சம் அண்ணே. ஸ்பைரல் ஃப்ளூட் போட்டா சுருள் மேல வந்துரும், 1 மி.மீ.யே போதும்னு நான் சொல்வேன். மிச்சம் 2.24 ஆயிரும். கை டேப்புக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

---

புதூர் ஜாப் ஒர்க்ஸ்

ஸ்பைரல் ஃப்ளூட் விலை கேட்டுட்டு வந்தேன், இந்த 12 ஓட்டைக்கு அது கட்டாது. ரெண்டு பல்லு லீடு உள்ள கை டேப் வாங்கிட்டேன். முனையில கூர் இல்லை, மட்டமா இருக்கு. சேம்பர் பத்திப் பார்ட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கேன், பதில் வரலை. முடிஞ்ச அந்த நாலு பீஸை என்ன செய்யலாம்?

---

டூல்ரூம் பழையவர்

காப்பாத்தலாம். உங்க முழு விட்டம் 17.45 வரைக்கும் இருக்கு. முழு மரை 17 வரைக்கும்தான் வேணும். ஆக இனி ஆழப்படுத்துற பகுதி லீடுக்கும் சீவலுக்கும் மட்டும். அதனால 8.5 டிரில்லை வெட்டின மரைக்குள்ள மறுபடி விடாதீங்க, மரை உச்சியில கவ்விப் பிய்ச்சிரும். 8.4 எடுங்க, 135° முனை. எம் 10-க்கு மரையோட உள்விட்டம் 6எச் பொருத்தத்துல 8.376-லருந்து 8.676 வரைக்கும் இருக்கலாம். 8.4-ம் அதுக்குள்ளதான் வருது, டேப் முனை அதுல தாராளமா இறங்கும்.

கூம்பு 1.74. முழு விட்டம் 22-ன்னா நுனி 23.74. ஸ்பிண்டில் ஸ்டாப்பை வைக்கிறப்ப டிரில் நுனியை மேல் முகத்துல தொட்டு பூஜ்யம் பண்ணுங்க, ஓட்டைக்குள்ள தொட்டு இல்லை. பிளேட் அடியில, சரியா ஓட்டைக்கு நேர் கீழே, தட்டையான கட்டை குடுத்துத் தாங்குங்க. ரெண்டு பாரலலுக்கு நடுவுல அந்தரத்துல விட்டா கடைசி ஒரு மி.மீ.ல கீழ் முகம் வீங்கும். கடைசி 2 மி.மீ.க்குக் கையழுத்தம் கம்மியா.

டேப் ஓட்டுறப்ப முனையிலருந்து 20 மி.மீ.ல மார்க்கர்ல கோடு போடுங்க. கோடு மேல் முகத்தைத் தொட்டதும் நிறுத்துங்க. சுற்று எண்ணி நிறுத்துறதை நம்பாதீங்க, ஏற்கனவே உள்ள மரையில டேப் எங்க பிடிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாது.

---

டிசைன் மேசை

அளக்குறப்ப ஒரு எச்சரிக்கை. டெப்த் வெர்னியர் கம்பி மெலிசு, அது நேரா கூம்போட நடுவுல போய் உக்காரும். அதுல 23.7 காட்டினா முழு விட்டம் 22-ன்னு அர்த்தம், முழு விட்டமே 23.7-ன்னு எழுதிடாதீங்க. முழு விட்டத்தை நேரா அளக்கணும்னா 8.3 அளவுல தட்டை முனையுள்ள கம்பி ஒண்ணு கடைஞ்சு, உள்ள விட்டு, முகத்துக்கு மேல நீட்டுறதை அளந்து கழிங்க. கூம்பு ஓரத்துல அது கிட்டத்தட்ட அதே இடத்துல உக்காரும்.

போல்ட் நீளத்தையும் பார்ட்டிகிட்டக் கேளுங்க. அடியில 1.24 இருக்குற ஓட்டையில நீள போல்ட்டைப் போட்டு இறுக்கினா, அது தரையில முட்டிப் பின் முகத்தைத் தள்ளிரும்.

---

புதூர் ஜாப் ஒர்க்ஸ்

முதல்ல அதே 25 மி.மீ. தடிமன்ல ஒரு துண்டை எடுத்து 8.5, 135°, நுனி 23.76 போட்டு டேப் ஓட்டிப் பார்த்தேன். கேஜ் பதினொண்ணே கால் சுற்று போச்சு. அப்புறம் ஓட்டை நடுவுல ஹாக்ஸால நெடுக்கா அறுத்துப் பார்த்தேன். முழு மரை முகத்துலருந்து 17-க்குக் கொஞ்சம் மேல வரைக்கும் இருக்கு, அதுக்குக் கீழே ரெண்டு அரைகுறைப் பல்லு, அதுக்கும் கீழே வெறும் சுவரு, அடியில ஒரு சிட்டிகை சுருளு. பின் முகத்துல டயல் வச்சு ஓட்டினேன், முள்ளு அசையலை.

நாளைக்கு அந்த நாலு பீஸுக்கு 8.4 விடப்போறேன். பார்ட்டி பதில் வந்ததும் மீதி எட்டுக்கு 16-ஆ 17-ஆன்னு எழுதுறேன்.

---

கப்பலூர் லேத்

அறுத்த துண்டைப் படம் எடுத்துப் போடுங்க. அந்தச் சுருளு எம்புட்டு உசரத்துக்குக் கிடந்துச்சுன்னு எனக்குப் பார்க்கணும்.